ஒரே 84 ரூபாய், இரண்டு பிரீமியம்: டாலர் ஆப்ஷனின் விலைச் சூத்திரம் எப்படிப் பிறக்கிறது?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவருக்கு ஆறு மாதம் கழித்து 10 லட்சம் டாலர் வரவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஊரில், வெளிநாட்டிலிருந்து பின்னல் இயந்திரம் வாங்கும் ஒருவர் அதே நாளில் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. இன்று டாலர் 84 ரூபாய். அந்த விலையில் டாலரை விற்கும் உரிமையை முதலாமவரும், அதே விலையில் டாலரை வாங்கும் உரிமையை இரண்டாமவரும் வங்கியில் கேட்கிறார்கள். விற்கும் உரிமைக்கு டாலர் ஒன்றுக்குச் சுமார் 57 காசு என்றும், வாங்கும் உரிமைக்குச் சுமார் 1 ரூபாய் 39 காசு என்றும் பதில் வருகிறது. தொகை, நாள், நிர்ணயித்த விலை எல்லாம் ஒன்றாக இருக்கும்போது கட்டணம் மட்டும் இரண்டரை மடங்கு ஏறுவது ஏன் என்று இயந்திரம் வாங்குபவர் கேட்பது நியாயமே. டாலர் ஏறும் என்று வங்கி கணித்துவிட்டது என்பது சிலர் தரும் விளக்கம். வங்கி ஏமாற்றுகிறது என்பது வேறு சிலரின் விளக்கம். இரண்டுமே சரியல்ல. 82 காசு வித்தியாசம் முழுவதும் இரு நாட்டு வட்டி விகிதங்களிலிருந்து வருகிறது. அது எப்படி வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இங்கே வரும் விலை, வட்டி எண்கள் எல்லாம் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. எந்த ஒரு நாளின் சந்தை விலையும் அல்ல.

## ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது

குறித்த நாளில், குறித்த விலையில், ஒரு நாணயத்தை வாங்கும் உரிமையைக் கால் ஆப்ஷன் என்றும், விற்கும் உரிமையைப் புட் ஆப்ஷன் என்றும் சொல்கிறோம். குறித்த விலைக்கு ஸ்ட்ரைக் விலை என்று பெயர். உரிமைக்காக முன்கூட்டியே கட்டும் தொகை பிரீமியம். உரிமையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதுதான், பின்னொரு நாளில் இன்றே பேசிய விலைக்கு வாங்கியோ விற்றோ தீர வேண்டிய ஃபார்வர்டு ஒப்பந்தத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. முதிர்வு நாளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய ஆப்ஷனை ஐரோப்பிய வகை என்பார்கள். இடையில் எந்த நாளிலும் பயன்படுத்தக்கூடியது அமெரிக்க வகை. இந்தப் பெயர்களுக்கும் கண்டங்களுக்கும் சம்பந்தமில்லை. இங்கே பேசுவது ஐரோப்பிய வகையைப் பற்றி. தேசியப் பங்குச் சந்தையில் 2010 அக்டோபரில் தொடங்கிய டாலர்–ரூபாய் ஆப்ஷன்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

## டாலர் சும்மா இருக்கும் சரக்கல்ல

ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகியோர் 1973இல் வெளியிட்ட முறை பங்குகளுக்கானது. ஆப்ஷனை விற்றவர், பங்கையும் கடனையும் சரியான அளவில் வைத்துக்கொண்டு, விலை நகர நகர அந்த அளவைத் திருத்திக்கொண்டே வந்தால், முதிர்வு நாளில் தான் கொடுக்க வேண்டிய தொகையைத் துல்லியமாகக் கையில் கொண்டிருப்பார். அந்த ஏற்பாட்டைத் தொடங்க இன்று எவ்வளவு பணம் தேவையோ அதுவே ஆப்ஷனின் விலை. விலை ஏறுமா இறங்குமா என்ற கணிப்புக்கு இதில் இடமே இல்லை.

பங்குக்குப் பதிலாக டாலரை வைத்தால் ஒரு விஷயம் மாறுகிறது. ஆப்ஷன் விற்ற வங்கி கையில் வைத்திருக்கும் டாலர் பெட்டியில் பூட்டி வைக்கப்படுவதில்லை. அது டாலர் வைப்பாக இருந்து டாலர் வட்டி ஈட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு நாணய ஆப்ஷனிலும் இரண்டு வட்டிகள் வேலை செய்கின்றன. வங்கி கடன் வாங்கும் ரூபாய்க்கு உள்நாட்டு வட்டி போகிறது. வாங்கி வைத்த டாலருக்கு வெளிநாட்டு வட்டி வருகிறது. மார்க் கார்மனும் ஸ்டீவன் கோல்ஹாகனும் 1983இல் வெளியிட்ட சூத்திரம் இந்த இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்கிறது. அதற்கு முன்னர்தான், 1982 இறுதியில், பிலடெல்பியா பங்குச் சந்தை நாணய ஆப்ஷன்களை வணிகத்துக்குக் கொண்டுவந்திருந்தது. தொடர்ந்து ஈவுத்தொகை தரும் பங்குக்கு மெர்ட்டன் முன்பே தந்திருந்த வடிவத்தோடு இது ஒத்துப்போகிறது. ஈவுத்தொகை இருந்த இடத்தில் வெளிநாட்டு வட்டி வந்து அமர்கிறது.

இரண்டு வட்டிகளும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை, ஆப்ஷனுக்கு முன் ஃபார்வர்டில் பார்ப்பது எளிது. ரூபாய் வட்டி ஆண்டுக்கு 6.5 சதவீதம், டாலர் வட்டி 4.5 சதவீதம் என்று வைப்போம். இரண்டும் தொடர் கூட்டு வட்டி. ஆறு மாதம் கழித்து ஒருவருக்கு ஒரு டாலர் தருவதாக வங்கி இன்று ஒப்புக்கொள்கிறது.

1. இன்றே ஒரு டாலர் முழுதாக வாங்கத் தேவையில்லை. 0.9778 டாலர் வாங்கி வைப்பில் போட்டால், 4.5 சதவீத வட்டியில் ஆறு மாதத்தில் அது ஒரு டாலராகிவிடும்.
2. அந்த 0.9778 டாலருக்கு 84 ரூபாய் விலையில் 82.13 ரூபாய் ஆகிறது. இதை வங்கி 6.5 சதவீத வட்டிக்குக் கடனாகப் பெறுகிறது.
3. ஆறு மாத முடிவில் கடன் 84.84 ரூபாயாக வளர்ந்திருக்கும். கையில் ஒரு டாலர் இருக்கும்.

ஆகவே நட்டமும் லாபமும் இல்லாத ஃபார்வர்டு விலை 84.84 ரூபாய். வேறு எந்த விலை சொன்னாலும், மேலே உள்ள மூன்று படிகளையோ அவற்றின் தலைகீழையோ செய்து ஒருவர் ஆபத்தில்லாமல் பணம் பார்க்க முடியும். டாலர் 84.84க்குப் போகும் என்று யாரோ கணித்ததால் இந்த விலை வரவில்லை. ரூபாய்க்கு வட்டி அதிகம் என்பதால் வந்தது. இந்த ஒரு இடத்தில் தடுமாறுபவர்கள்தான் பிறகு பிரீமியத்திலும் தடுமாறுகிறார்கள்.

## சூத்திரம்

S இன்றைய டாலர் விலை, K ஸ்ட்ரைக் விலை, T ஆண்டுக் கணக்கில் மீதமுள்ள காலம், rd உள்நாட்டு வட்டி, rf வெளிநாட்டு வட்டி, σ டாலர் விலையின் ஆண்டு ஏற்ற இறக்க அளவு. N என்பது இயல்நிலைப் பரவலின் திரள் நிகழ்தகவு. எக்செல்லில் `NORM.S.DIST(x,TRUE)` அதைத் தரும். C கால் ஆப்ஷனின் விலை, P புட் ஆப்ஷனின் விலை.

```
d1 = [ln(S/K) + (rd - rf + σ²/2)·T] / (σ·√T)
d2 = d1 - σ·√T

C = S·exp(-rf·T)·N(d1) - K·exp(-rd·T)·N(d2)
P = K·exp(-rd·T)·N(-d2) - S·exp(-rf·T)·N(-d1)
```

இதில் எந்த வட்டி எதைத் தொடுகிறது என்று பார்ப்பதே சூத்திரத்தை நினைவில் நிறுத்த நல்ல வழி. S டாலரின் விலை. அதை டாலர் வட்டி தள்ளுபடி செய்கிறது. K முதிர்வு நாளில் ரூபாயாகக் கைமாறும் தொகை. அதை ரூபாய் வட்டி தள்ளுபடி செய்கிறது. d1க்குள் இரண்டின் வித்தியாசம் மட்டுமே வருகிறது, ஏனெனில் அங்கே ஃபார்வர்டு விலை ஸ்ட்ரைக்குக்கு மேலே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அளக்கப்படுகிறது.

N(d2) என்பது கால் ஆப்ஷன் பயன்படுத்தப்படும் நிகழ்தகவு. ஆனால் இது மேலே சொன்ன ஈடுகட்டும் கணக்குக்கு உரிய நிகழ்தகவு. உண்மை உலகில் டாலர் 84க்கு மேல் முடிவதற்கான வாய்ப்பு என்று அதைப் படிக்கக் கூடாது. exp(-rf·T)·N(d1) என்ற பகுதி இன்னும் கைக்கு நெருக்கமானது. ஒரு டாலருக்கான கால் ஆப்ஷனை விற்ற வங்கி இந்த நொடியில் எத்தனை டாலர் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. அதற்கு டெல்டா என்று பெயர்.

## எண்களைப் போட்டுப் பார்ப்போம்

S = 84, K = 84, T = 0.5, rd = 0.065, rf = 0.045, σ = 0.04 என்று எடுத்துக்கொள்வோம்.

1. σ·√T = 0.04 × 0.7071 = 0.02828. ஆறு மாதத்தில் டாலர் விலை வழக்கமாக நகரக்கூடிய தூரம் சுமார் 2.8 சதவீதம் என்பதே இதன் பொருள்.
2. S, K இரண்டும் சமம் என்பதால் ln(S/K) பூஜ்யம். வட்டி வித்தியாசம் 0.02 × 0.5 = 0.01. ஆகவே d1 = 0.3677, d2 = 0.3394.
3. அட்டவணைப்படி N(d1) = 0.6434, N(d2) = 0.6329.
4. தள்ளுபடி செய்த டாலர் விலை 82.131; தள்ளுபடி செய்த ஸ்ட்ரைக் 81.314.
5. கால் ஆப்ஷனின் முதல் பகுதி 52.847, இரண்டாம் பகுதி 51.459. வித்தியாசம் 1.388 ரூபாய்.
6. புட் ஆப்ஷனுக்கு இதே போலச் செய்தால் 0.571 ரூபாய்.

10 லட்சம் டாலருக்கு இயந்திரம் வாங்குபவர் சுமார் 13.88 லட்ச ரூபாயும், ஏற்றுமதியாளர் சுமார் 5.71 லட்ச ரூபாயும் கட்ட வேண்டும். கால் ஆப்ஷனை விற்ற வங்கியின் பக்கம் பார்த்தால், டெல்டா 0.629. அதாவது விற்ற அன்றே வங்கி 6.29 லட்சம் டாலரை வாங்கி, வட்டி வரும்படி வைத்திருக்கும். அந்த வட்டி வரவை வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் கழித்துக் காட்டும் வேலையைத்தான் rf செய்கிறது.

வட்டியைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. சூத்திரம் தொடர் கூட்டு வட்டியைக் கேட்கிறது; சந்தையில் கிடைப்பதோ பெரும்பாலும் ஆறு மாதத்துக்கான எளிய வட்டி. மேலே உள்ள 6.5 சதவீதம், எளிய வட்டியாகச் சொன்னால் ஏறக்குறைய 6.61 சதவீதம். மாற்றாமல் போட்டால் பிழை சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் பெரிய தொகையில் அது கண்ணில் படும்.

## 82 காசு எங்கிருந்து வந்தது

கால் ஆப்ஷனை வாங்கி, அதே ஸ்ட்ரைக்கில் புட் ஆப்ஷனை விற்றவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். டாலர் 84க்கு மேல் போனால் இவரே 84க்கு வாங்குவார். கீழே போனால் எதிராளி இவர் தலையில் 84க்குக் கட்டிவிடுவார். எப்படியானாலும் ஆறு மாதம் கழித்து 84 ரூபாய்க்கு ஒரு டாலர் வாங்குவது உறுதி. ஃபார்வர்டு விலையோ 84.84. ஆக, இவருக்கு முதிர்வு நாளில் 84 காசு சாதகம்; அதன் இன்றைய மதிப்பு சுமார் 82 காசு.

```
C - P = S·exp(-rf·T) - K·exp(-rd·T)
      = 82.131 - 81.314 = 0.817
```

இதைப் புட்–கால் சமன் என்கிறார்கள். இந்தச் சமன்பாட்டில் σ எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டாலர் எவ்வளவு அலைபாயும் என்பதில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இரண்டு பிரீமியத்துக்கும் இடையிலான வித்தியாசம் வட்டிகளால் மட்டுமே முடிவாகிறது. 84 ரூபாய் என்பது இன்றைய விலைக்குச் சமம். ஆனால் ஆறு மாதம் கழித்த விலைக்கு அது டாலர் வாங்குபவருக்குச் சாதகமான விலை. 84.84ஐ ஸ்ட்ரைக்காக வைத்துக் கேட்டால் இருவருக்கும் ஒரே பிரீமியம் வரும்.

## சூத்திரம் தவறாகப் பயன்படும்போது

வெளிநாட்டு வட்டியை விட்டுவிடுவது. பங்குக்கான சூத்திரத்தை அப்படியே டாலருக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். மேலே உள்ள எண்களில் rf = 0 என்று வைத்தால் கால் ஆப்ஷன் 2 ரூபாய் 83 காசாக ஏறுகிறது; புட் ஆப்ஷன் 15 காசுக்குச் சரிகிறது. வித்தியாசம் 2.69 ரூபாய் ஆகிவிடுகிறது. அப்படி ஒரு விலையில் புட் விற்றவர், விற்ற நிமிடமே டாலருக்கு 42 காசு இழந்துவிட்டார்.

வட்டிகளை இடம் மாற்றிப் போடுவது. இது இன்னும் நயவஞ்சகமானது, ஏனெனில் விடை நம்பும்படி இருக்கும். rd இடத்தில் 4.5, rf இடத்தில் 6.5 என்று போட்டால் புட் 1.39 ஆகவும் கால் 0.57 ஆகவும் வருகிறது. எண்கள் அப்படியே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இது தற்செயல் அல்ல. டாலரை விற்று ரூபாய் பெறும் உரிமை என்பது, டாலரில் கணக்கு வைப்பவருக்கு ரூபாயை வாங்கும் உரிமை. ஒரே ஒப்பந்தம் ஒரு கரையிலிருந்து பார்த்தால் டாலர் புட். மறு கரையிலிருந்து பார்த்தால் ரூபாய் கால். கரை மாறும்போது உள்நாடும் வெளிநாடும் இடம் மாறுகின்றன, S, K இரண்டும் தலைகீழாகின்றன. கால், புட் என்று மட்டும் சொல்லாமல் டாலர் கால், டாலர் புட் என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் டீலிங் அறைகளில் இருப்பது இதனால்தான்.

இரண்டு பிழைகளையும் பிடிக்க ஒரே சோதனை போதும். கால் விலையிலிருந்து புட் விலையைக் கழியுங்கள். ஃபார்வர்டு விலை ஸ்ட்ரைக்குக்கு மேலே இருந்தால் விடை கூட்டல் குறியோடு வர வேண்டும். அளவு, ஃபார்வர்டு வித்தியாசத்தின் தள்ளுபடி மதிப்பாக இருக்க வேண்டும். நம் கணக்கில் 82 காசு. வேறு எது வந்தாலும் வட்டியில்தான் கோளாறு.

## எந்த வட்டியைப் போடுவது

உள்நாட்டு வட்டி என்றவுடன் அரசுக் கருவூல உண்டியலின் வட்டியையும், வெளிநாட்டு வட்டி என்றவுடன் அமெரிக்க வட்டியையும் எடுத்துப் போட்டுவிடத் தோன்றும். மூலதனம் தடையின்றி நடமாடும் நாணயங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ரூபாய்க்குப் பொருந்தாது. இந்தியாவுக்குள் டாலரைக் கடன் வாங்கவும் கொடுக்கவும் கட்டுப்பாடுகள் உண்டு. ஏற்றுமதியாளர்களின் விற்பனை, இறக்குமதியாளர்களின் கொள்முதல், ரிசர்வ் வங்கியின் ஃபார்வர்டு, ஸ்வாப் நடவடிக்கைகள் ஆகியவை ஃபார்வர்டு பிரீமியத்தைப் பாடப் புத்தக வட்டி வித்தியாசத்திலிருந்து விலக்கி வைக்கக்கூடும்.

எனவே சந்தையில் இருப்பவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபார்வர்டு விலையை நேரடியாகச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒரு வட்டியைத் தெரிந்ததாக வைத்து மற்றொன்றை அதிலிருந்து பெறுகிறார்கள். டாலர் வட்டியோடு ஃபார்வர்டு பிரீமியத்தைச் சேர்த்துப் பெறும் ரூபாய் வட்டிக்கு மைஃபார் என்று பெயர். அதற்கு அடிப்படையாக இருந்த, லண்டன் வங்கிகளுக்கிடையிலான லைபார் வட்டி விடைபெற்றதைத் தொடர்ந்து, திருத்திய மைஃபார் அந்த இடத்துக்கு வந்தது. சூத்திரத்தையும் ஃபார்வர்டு விலையான Fஐக் கொண்டு இப்படி எழுதலாம்:

```
P = exp(-rd·T)·[K·N(-d2) - F·N(-d1)]
d1 = [ln(F/K) + σ²·T/2] / (σ·√T)
```

இதில் rf கண்ணுக்குத் தெரியவில்லை, Fக்குள் கரைந்துவிட்டது. சந்தை ஃபார்வர்டு 84.84 அல்ல, 84.70தான் என்று வைத்தால் ஏற்றுமதியாளரின் புட் 57 காசிலிருந்து 62 காசுக்கு ஏறுகிறது. 10 லட்சம் டாலருக்கு அது சுமார் 50,000 ரூபாய். வங்கியின் விலை நம் கணக்கோடு ஒத்துப்போகாதபோது, முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘நீங்கள் எடுத்துக்கொண்ட ஃபார்வர்டு என்ன?’ என்பதுதான்.

## மீதி எல்லாம் ஏற்ற இறக்க அளவில்

ஃபார்வர்டு ஒத்துப்போன பிறகு, சூத்திரத்தில் கண்ணால் பார்க்க முடியாத உள்ளீடு ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது: σ. டீலர்கள் அதைச் சுருக்கமாக ‘வால்’ என்பார்கள். அதை 4 சதவீதத்திலிருந்து 5க்கு உயர்த்தினால் நம் புட் 57 காசிலிருந்து 79 காசாகிறது. வட்டிகள் இரண்டு பிரீமியங்களுக்கும் இடையிலான தூரத்தை முடிவு செய்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தூக்குவதும் இறக்குவதும் இந்த எண்.

வங்கியின் லாப வரம்பும் இதற்குள்தான் ஒளிந்திருக்கும். வங்கி புட் 64 காசு, கால் 1.46 என்று சொன்னால் வித்தியாசம் 82 காசாகவே இருக்கும். சமன் சோதனையில் தேறிவிடும். ஆனால் 64 காசு வரும்வரை σஐ மாற்றிப் பார்த்தால் அது சுமார் 4.3 சதவீதத்தில் நிற்கும். இப்படி விலையிலிருந்து பின்னோக்கிப் பெறும் எண்ணை உள்ளுறை ஏற்ற இறக்கம் என்பார்கள். இரண்டு வங்கிகளின் விலையை ஒப்பிட விரும்புபவர் காசை ஒப்பிடுவதைவிட, ஒரே ஃபார்வர்டை வைத்து இந்த எண்ணை ஒப்பிடுவது நல்லது.

σ மாறாமல் நிற்கும், விலை துள்ளாமல் தொடர்ச்சியாக நகரும் என்ற இரண்டு அனுமானங்களின் மேல்தான் சூத்திரம் நிற்கிறது. முதலாவது பொய் என்பதைச் சந்தையே ஒப்புக்கொண்டு, வெவ்வேறு ஸ்ட்ரைக்குக்கு வெவ்வேறு σ சொல்கிறது. ரூபாய் சரியும் என்ற அச்சம் அதிகம் என்பதால் உயர்ந்த ஸ்ட்ரைக்கில் உள்ள டாலர் காலுக்குப் பொதுவாகக் கூடுதல். 2013 மே தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று தாராளமாக σ வைத்திருந்தாலும், நான்கு மாதத்துக்கு வழக்கமான நகர்வு 6 சதவீதத்துக்கும் குறைவு. நடந்ததோ அதைப் போல நான்கு மடங்கு.

ஒப்பந்தம் அமெரிக்க வகையாக இருந்தால் சூத்திரம் தருவது கீழ் வரம்பு மட்டுமே. ரூபாய் வட்டி அதிகம் என்பதால், டாலர் மிகவும் கீழே போய்விட்ட நிலையில் டாலர் புட் வைத்திருப்பவர் முன்கூட்டியே விற்று ரூபாயை வட்டிக்கு விடுவது லாபமாகலாம். அந்தக் கூடுதல் மதிப்பை மேலே உள்ளதுபோல ஒரே வரிச் சூத்திரத்தில் அடக்க முடிவதில்லை. படிப்படியாகக் கணக்கிடும் மரவடிவ முறைகள் தேவைப்படும்.

இரண்டாவது அனுமானம் உடைவதுதான் விற்றவரைக் கொல்கிறது. சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பர் முதல் ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் பிடித்து வைத்திருந்தது. விலை அசையவில்லை, அதனால் σ சிறியதாகத் தெரிந்தது, யூரோ புட் மலிவாகக் கிடைத்தது. 2015 ஜனவரி 15 அன்று வங்கி அந்தத் தளத்தை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. யூரோ புட் விற்றிருந்தவர், விலை இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக யூரோவை விற்று டெல்டாவைத் திருத்திக்கொண்டே வர வேண்டும் என்பது சூத்திரத்தின் ஏற்பாடு. அன்று 1.20க்கும் ஒன்றுக்கும் இடையில் அவர் விற்பதற்கு வாங்குபவரே பெரும்பாலும் இருக்கவில்லை.